நான்கு கட்டம் நிரப்பப் பட்ட பாடு

எங்கள் வீட்டில் இருந்த கடன்கள்: கிரெடிட் கார்டு, டூவீலர் லோன், வங்கியில் வைத்த நகைக்கடன், சித்தப்பாவிடம் வாங்கிய கைமாற்று. கூகுள் ஷீட்டில் கடனுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் மீதி, வட்டி, கெடு தேதி, குறைந்தபட்சம் கட்ட வேண்டியது என்று நான்கு கட்டம். மாதம் பிறந்தால் பழைய தாளை நகலெடுத்துப் புது எண்களைப் போட வேண்டும், அவ்வளவுதான். கடன் கொடுத்தவர்கள் காட்டும் எண் ஒன்று, நமக்கு வேண்டிய எண் வேறொன்று என்பது உட்கார்ந்து எழுதும்போதுதான் தெரிந்தது.

அதிகம் அலைய வைத்தது டூவீலர் லோன். 60,000 ரூபாய், 24 மாதம், தவணை 3,100. ஃபைனான்ஸ் கம்பெனியின் ஆப்பில் மீதி 31,000 என்று காட்டியது. பத்துத் தவணை பாக்கி, பெருக்கினால் அதே 31,000. அப்படியென்றால் இன்னும் வராத மாதங்களின் வட்டியையும் சேர்த்தே மீதி என்கிறார்கள். எனக்கு வேண்டியது அசல் மீதி. கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பையன், “அதான் ஆப்லயே இருக்கே சார்” என்றான். அசல் எவ்வளவு என்று மறுபடி கேட்டதும், “லோனை முடிக்கிறதா இருந்தா லெட்டர் எழுதிக் குடுங்க, சொல்றோம்” என்றான். முடிக்கப் போவதில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்றால் சிஸ்டத்தில் வராது, மேனேஜர் இல்லை என்று பதில்.

இதற்குக் கிளைக்குப் போகவே தேவையில்லை. கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டு ‘ரீபேமென்ட் ஷெட்யூல்’, ‘ஸ்டேட்மென்ட் ஆஃப் அக்கவுன்ட்’ என்று இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஷெட்யூலில் ஒவ்வொரு தவணையிலும் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்திருப்பார்கள். எனக்கு வந்ததில் அசல் மீதி 28,100 சொச்சம்தான் இருந்தது.

வட்டிக் கட்டத்திலும் இதே கதை. ஷோரூமில் வண்டி எடுக்கும்போது “வெறும் 12 பர்சென்ட்தான் சார்” என்றார்கள். அது ஃப்ளாட் ரேட். முதல் மாதம் வாங்கிய 60,000-க்கும் கடைசி மாதம் பாக்கியிருக்கும் மூவாயிரத்துக்கும் ஒரே மாதிரி வட்டி, இரண்டு வருஷத்துக்கு 14,400. பாக்கியிருக்கும் அசலுக்கு மட்டுமே வட்டி போடும் நகைக்கடனோடு இதை ஒப்பிட்டால் ஏமாந்து போவோம். ஷீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்:

```
=RATE(24,-3100,60000)*12
```

விடை 0.2157. அதாவது வருஷத்துக்கு 21.6 சதவீதம்! என் மனைவி நம்பாமல் இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். 2024 அக்டோபருக்குப் பிறகு கடன் வாங்கியவர்களுக்கு இந்தக் கஷ்டம் இருக்கக்கூடாது. ரிசர்வ் வங்கி விதிப்படி கடனின் முக்கிய விவரங்களைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய கேஎஃப்எஸ் என்ற தாளில் ஏபிஆர் என்று ஒரு எண் இருக்கும், கட்டணங்களும் சேர்ந்த உண்மையான வருஷ வட்டி அதுதான். ஷோரூமில் சொன்னதை விட்டுவிட்டு அதை எழுதுங்கள்.

கிரெடிட் கார்டு எண்கள் ஸ்டேட்மென்ட்டிலேயே இருந்தன, அலைச்சல் இல்லை. மீதி 80,000, வட்டி மாதம் 3.5 சதவீதம், குறைந்தபட்சம் 4,000. ‘3.5’ என்று எழுதிவிடாதீர்கள், மற்றவை எல்லாம் வருஷ வட்டி. 12-ஆல் பெருக்கினால் 42. வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு உண்டு, சேர்த்தால் ஏறக்குறைய 49.6. ஒரு மாதக் கணக்கைப் பாருங்கள். வட்டி 2,800, அதற்கு ஜிஎஸ்டி 504, ஆக 3,304. நாம் கட்டும் நாலாயிரத்தில் கடன் குறைவது 696 ரூபாய். ‘மினிமம்’ கட்டிவிட்டோம் என்று மாதா மாதம் நிம்மதியாக இருந்ததன் லட்சணம் இது.

நகைக்கடனுக்கு மினிமம் கட்டத்தில் என்ன போடுவது என்பது அடுத்த குழப்பம். 1,50,000 ரூபாய், 10 சதவீதம், வருஷக் கடைசியில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் வகை. மாதம் கட்ட வேண்டியது பூஜ்யம். பூஜ்யம் என்று எழுதினால் கண் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும், பன்னிரண்டாம் மாதம் 15,000 வட்டி வந்து நிற்கும். அதனால் 1,250 என்று போட்டு, அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்குகிறோம். கெடு தேதியை அடகுச் சீட்டைப் பார்த்தே எழுதினோம். எஸ்எம்எஸ் வரும் என்று காத்திருக்க முடியாது, அதைத் தவறவிட்டால் போவது நகை.

சித்தப்பா கைமாற்றுக்கு வட்டி சுழியம், தேதியும் இல்லை. போனில் கேட்டேன். “வட்டியெல்லாம் எதுக்குப்பா, கோடைக்கு முன்னாடி போர் போடணும், அதுக்குள்ள குடுத்தா போதும்” என்றார். மாசி கடைசி என்று எழுதிக்கொண்டேன். அவர் வாயால் ஒரு கெடு வந்ததே பெரிய விஷயம்.

கெடு தேதிக் கட்டத்தில்தான் காசு போனது. வண்டித் தவணை ஐந்தாம் தேதி வங்கியிலிருந்து தானாக எடுக்கப்படும். அந்த மாதம் ஐந்தாம் தேதி ஞாயிறு. திங்கட்கிழமைதான் எடுப்பார்கள் என்று அந்தப் பையன் சொன்னதை நம்பினோம். இந்த ஆட்டோ டெபிட் 2021 ஆகஸ்டிலிருந்தே ஞாயிறு, விடுமுறை என்று பார்ப்பதில்லை. சம்பளம் திங்கள்தான் ஏறியது. தவணை பவுன்ஸ் ஆகி, வங்கி ஒரு கட்டணம், ஃபைனான்ஸ் கம்பெனி ஒரு கட்டணம். இப்போது தேதிக் கட்டத்துக்குப் பக்கத்தில் ‘பணம் இருக்க வேண்டிய நாள்’ என்று இன்னொரு கட்டம் வைத்திருக்கிறோம், கெடுவுக்கு மூன்று நாள் முன்னால். சம்பளத் தேதி ஒத்துவரவில்லை என்றால் தவணைத் தேதியை மாற்றித் தர முடியுமா என்றும் மெயிலில் கேட்டுப் பாருங்கள். எங்களுக்கு ஏழாக மாற்றித் தந்தார்கள்.

இந்த பவுன்ஸ் கட்டணம் ஆப்பில் எங்குமே தெரியவில்லை. காட்டிக் கொடுத்தது ஷீட்தான். போன மாத மீதியோடு இந்த மாத வட்டியைக் கூட்டி, கட்டியதைக் கழித்தால் புது மீதி வர வேண்டும். வராவிட்டால் யாரோ எதையோ சேர்த்திருக்கிறார்கள். ஸ்டேட்மென்ட் ஆஃப் அக்கவுன்ட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் 590 ரூபாய் உட்கார்ந்திருந்தது, 500-ம் அதன் ஜிஎஸ்டியும். கேட்காமல் விட்டிருந்தால் லோன் முடிந்து, பாக்கி இல்லை என்று தரும் என்ஓசி கடிதத்தை வாங்கப் போகும் அன்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சரி, நாலு வரியும் நிரம்பிய பிறகு வட்டிக் கட்டத்தை வைத்துப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினோம். கார்டு, வண்டி, நகை, சித்தப்பா. மற்றவற்றுக்குக் கட்ட வேண்டியதை மட்டும் கட்டிவிட்டு, கையில் மிஞ்சியது முழுவதும் கார்டுக்கு. கார்டைத் தேய்ப்பதையும் நிறுத்தினோம். பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாள் கிடையாது, வாங்கிய அன்றே வட்டி ஓட ஆரம்பிக்கும். தீபாவளி போனஸில் கார்டு பாக்கி முழுவதும் தீர்ந்தது.

அப்புறம் ஒன்று. முழுவதும் கட்டிவிட்டோமே என்று அந்த வரியை உடனே அழித்துவிடாதீர்கள். ஸ்டேட்மென்ட் போட்ட நாளிலிருந்து நாம் கட்டிய நாள்வரை ஓடிய வட்டி அடுத்த ஸ்டேட்மென்ட்டில் வரும். எங்களுக்கு ஆயிரத்துச் சொச்சம் வந்தது. அதையும் கட்டி, மீதி பூஜ்யம் என்று ஸ்டேட்மென்ட் வந்த பிறகுதான் என் மனைவி அந்த வரியை நீக்க விட்டாள்.