எடை மேடை சொல்லிக்கொடுத்த λ, μ

கோவையில் எம்.பி.ஏ. படித்தபோது இன்டர்னல் தேர்வில் வந்த வரிசைக் கணக்கு இது. ஓர் எடை மேடைக்கு 8 மணி நேரத்தில் 48 வண்டிகள் வருகின்றன, 48 வண்டிகளுக்கும் எடை போட்டாகிவிட்டது. மேடையில் வண்டி நின்ற நேரம் மொத்தம் 6 மணி 24 நிமிடம். ஒரு வண்டி சராசரியாக எவ்வளவு நேரம் வரிசையில் காத்திருக்கும்?

மணிக்கு 6 வண்டி வருகிறது, ஆகவே வருகை வீதம் λ = 6. மணிக்கு 6 வண்டி எடை முடிந்து போகிறது, ஆகவே சேவை வீதம் μ = 6. இப்படித்தான் எழுதினேன். சூத்திரத்தில் போட்டால் கீழே μ − λ பூஜ்யம். அங்கேயே நின்றுவிட்டேன்.

அந்தத் தப்பு எங்கே என்று புரிந்தது, மினி ப்ராஜெக்ட்டுக்காக ஈரோடு பக்கம் ஒரு மஞ்சள் மண்டியின் எடை மேடையில் போய் உட்கார்ந்தபோதுதான். மணிக்கு எத்தனை வண்டி இறங்குகிறது என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். எடை போடும் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “வண்டியே வராம நான் சும்மா உக்காந்திருந்த நேரத்தையும் சேத்தி எம் பேர்ல எழுதுறீங்களே தம்பி, அது எப்படிங்க?” என்றார்.

அவர் சொன்னதுதான் விஷயம். சேவை வீதம் என்பது கை ஓயாமல் வேலை இருந்தால் மணிக்கு எத்தனை முடியும் என்பது. வண்டி இல்லாத நேரத்தையும் சேர்த்து வகுத்தால் கிடைப்பது μ அல்ல, மறுபடியும் λ தான். வந்த வண்டியெல்லாம் போய்த்தானே ஆக வேண்டும்? தேர்வுக் கணக்கில் மேடை ஓடிய நேரம் 384 நிமிடம். அதை 48 ஆல் வகுத்தால் வண்டிக்கு 8 நிமிடம், அதாவது μ = 7.5. வினாத்தாளில் “வேலையில் இருந்த நேரம்” என்று ஒன்று கொடுத்திருந்தால் அது இதற்குத்தான்.

அந்த 8 நிமிடத்தை நேரில் அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. முதல் நாள் நான் திரையில் எடை நிலைத்து நிற்கும்வரை மட்டும் அளந்தேன். அதற்கப்புறம் டிரைவர் ரசீது வாங்கி, காசு கொடுத்து, வண்டியைக் கீழே இறக்கினால்தான் அடுத்தது ஏற முடியும். அடுத்த வண்டி ஏற முடியாத நேரம் முழுவதும் சேவை நேரம்தான். λ-வை அளக்கும் இடமும் வேறு. மேடையருகே நின்று எண்ணினால், வரிசை நீண்டிருக்கும்போது μ தான் கண்ணில் படும். வரிசையின் வால் பக்கம் நின்று, வந்து சேரும் வண்டிகளை எண்ண வேண்டும். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரே மேடை, வருகை தற்செயலானது, சேவை நேரமும் கூடக் குறைய இருக்கிறது என்னும் M/M/1 மாதிரியில்:

```
ρ  = λ/μ = 6/7.5 = 0.8
W  = 1/(μ − λ) = 1/1.5 மணி = 40 நிமிடம்
Wq = W − 1/μ = 40 − 8 = 32 நிமிடம்
L  = λ × W = 6 × 40/60 = 4 வண்டி
```

ρ என்பது மேடை வேலையில் இருக்கும் நேரத்தின் பங்கு. W என்பது ஒரு வண்டிக்கு ஆகும் மொத்த நேரம், மேடையில் நிற்பதையும் சேர்த்தது; Wq வரிசையில் மட்டும். L என்பது வரிசையிலும் மேடையிலுமாகச் சராசரியாக நிற்கும் வண்டிகள். வினா கேட்டது Wq, ஆகவே விடை 32 நிமிடம். இரண்டு வீதங்களும் ஒரே அலகில் இருக்க வேண்டும். “10 நிமிடத்துக்கு ஒன்று வருகிறது” என்றால் λ 10 அல்ல, மணிக்கு 6.

8 நிமிட வேலைக்கு 32 நிமிடம் காத்திருப்பா என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. மேடை ஐந்தில் ஒரு பங்கு நேரம் காலியாகவும் கிடக்கிறதே! ஆனால் வண்டிகள் சீராக 10 நிமிடத்துக்கு ஒன்றாக வருவதில்லை. மூன்று சேர்ந்து வரும், அப்புறம் அரை மணி நேரம் ஒன்றும் வராது. காலியாகப் போன நேரத்தைப் பிறகு வருகிறவருக்கு எடுத்துக் கொடுக்க முடியாது. ரசீது வேலையைச் சுருக்கி 6 நிமிடமாக்கிப் பாருங்கள்: μ = 10, காத்திருப்பு 9 நிமிடமாக இறங்கிவிடும். இரண்டே நிமிடம் குறைத்ததற்கு இத்தனை லாபம். ஒவ்வொரு வண்டிக்கும் அச்சு மாறாமல் 8 நிமிடமே ஆகும் என்றால் அதே 32 பாதியாகி 16 ஆகும், மாதிரி M/D/1. வினாவில் “நிலையான சேவை நேரம்” என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்தச் சூத்திரம் எதுவும் செல்லாத நேரம் ஒன்று உண்டு. 48-இல் 20 வண்டிகள் காலை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டன என்று வையுங்கள். அப்போது λ = 10, μ = 7.5. W மைனஸில் வரும். அந்த இரண்டு மணி நேரத்தில் 15 வண்டிதான் முடியும், மீதி 5 நின்றுகொண்டிருக்கும். அங்கே சராசரியை விட்டுவிட்டு, மணிக்கு இரண்டரை வண்டி சேருகிறது என்று நேரடியாக எண்ண வேண்டியதுதான். என் ப்ராஜெக்ட்டில் முழு நாளுக்கு ஒரே λ போடாமல் காலை, மதியம் என்று பிரித்துத்தான் எழுதினேன்.