கூட்டுத்தொகை வரிசையில் வந்து நிற்கும் ஹேஷ் குறிகள்

எக்செல் தாளில் ##### என்று ஹேஷ் குறிகள் முதலில் தலைகாட்டும் இடம் பெரும்பாலும் கடைசி வரிசைதான். மேலே முப்பது வரிகள் ஒழுங்காகத் தெரியும். எல்லோரும் தேடிப் பார்க்கும் மொத்தத் தொகை மட்டும் குறிகளாகிக் கிடக்கும். தாளைத் திறந்தவர் ஃபார்முலா உடைந்துவிட்டது என்று நினைத்து அதை அழித்து மறுபடி எழுதுவார். அப்போதும் அதே குறிகள்தான் வரும், ஏனென்றால் ஃபார்முலாவில் எந்தக் கோளாறும் இல்லை.

C2 முதல் C31 வரை தொகைகள், C32-இல் கூட்டல், வடிவம் `#,##0.00` என்று வைத்துக்கொள்வோம். காலிப்ரி 11 எழுத்துருவில் எக்செல் தானாகத் தரும் நெடுவரிசை அகலம் 8.43. அதாவது எட்டு இலக்கங்களும் கொஞ்சமும் கொள்ளும் இடம். திரையில் 100 சதவீத அளவில் இது 64 பிக்சல்: ஓர் இலக்கத்துக்கு 7 வீதம், ஓரங்களுக்கு 5. 98,450.00 என்ற தொகையில் ஏழு இலக்கங்களும் இரண்டு மெல்லிய குறிகளும்தான் இருப்பதால் மட்டுமட்டாக உள்ளே அடங்கிவிடுகிறது. கூட்டினால் வரும் 1,234,567.50-இல் ஒன்பது இலக்கங்கள். அவையே 63 பிக்சலை எடுத்துக்கொள்கின்றன. காற்புள்ளிகளுக்கும் தசமப் புள்ளிக்கும் இடமே இல்லை. போதாக்குறைக்கு மொத்த வரிசையை யாராவது போல்டு ஆக்கியிருப்பார்கள், அதில் இலக்கங்கள் இன்னும் பருத்துவிடும்.

தொகையை நாமே தட்டச்சு செய்தால், அகலத்தை யாரும் கையால் மாற்றாத வரை, எக்செல் நெடுவரிசையைத் தானாக விரித்துக்கொள்ளும். ஆனால் ஃபார்முலாவின் விடை பிறகு வளரும்போது அப்படி விரிக்காது. போன மாதம் சரியாகத் தெரிந்த தாள் இந்த மாதம் ஹேஷ் காட்டுவது இதனால்தான்.

எழுத்துகளை மட்டும் அடுத்த செல்லுக்குள் வழியவிடுகிறதே, எண்ணை ஏன் மறைக்க வேண்டும்? பெயர் பாதியில் வெட்டுப்பட்டால் வெட்டுப்பட்டது கண்ணுக்குத் தெரியும். 1,234,567.50 பாதியில் வெட்டுப்பட்டால் 1,234 என்று முழு எண் போலவே நிற்கும், படிப்பவர் நம்பிவிடுவார். தவறான எண்ணைக் காட்டுவதைவிட ஒன்றும் காட்டாமல் இருப்பது மேல் என்பதுதான் இந்தக் குறியின் பொருள். அதனால் ஹேஷைப் பார்த்ததும் அதைத் துடைத்தெறிவது நம் வேலை ஆகாது. எண்ணுக்கு இடம் தருவதுதான் வேலை.

இடம் தர எளிய வழி, நெடுவரிசை எழுத்தின் வலது ஓரக் கோட்டில் இரட்டைக் கிளிக். ஆனால் அதே நெடுவரிசையில் மேலே நீளமான தலைப்பு ஒன்று இருந்தால், அதையும் அளந்து நெடுவரிசை அரைத் திரைக்கு விரிந்துவிடும். அப்போது C2:C32 வரை மட்டும் தேர்வு செய்து Alt, H, O, I என்று ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த வேண்டும். தேர்வு செய்த செல்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு அகலம் அமையும். இணைக்கப்பட்ட செல்களை இந்த வசதி கண்டுகொள்வதில்லை என்பதால் மொத்தத்தை Merge செய்த செல்லில் வைக்காமலிருப்பது நல்லது.

மாதாமாதம் வளரும் தாளுக்கு இதுவும் தற்காலிகம்தான். வரக்கூடிய பெரிய தொகை எத்தனை எழுத்து நீளம் என்று ஒருமுறை அளந்துவிடலாம்:

```
=LEN(TEXT(C32,"#,##0.00"))
```

நம் தொகைக்கு விடை 12. ஒரு இலக்கம் கூடினாலும், கழித்தல் குறி வந்தாலும் தாங்கும்படி 2 சேர்த்து, Alt, H, O, W அழுத்தி அகலத்தை 14 என்று வைத்தால் வெகுநாள் கவலையில்லை. Accounting வடிவம் அடைப்புக்குறிக்கென்று வெற்றிடம் ஒதுக்கும். அதற்கு இன்னும் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

பல அலுவலகத் தாள்களில் நடப்பது வேறு. அகலத்தைக் கூட்டினால் பக்கம் மீறுகிறது என்று வடிவத்தை General ஆக்கிவிடுகிறார்கள். ஹேஷ் போய்விடும், ஆனால் அதோடு எண்ணும் போய்விடும். 1234567.25 என்ற எண் General வடிவில் இருக்கும்போது நெடுவரிசையை மெல்லக் குறுக்கிப் பாருங்கள்: 1234567.3 ஆகும், பிறகு 1234567, பிறகு 1E+06. ஹேஷ் கடைசியில்தான் வரும். செல்லுக்குள் மதிப்பு மாறவில்லைதான், ஆனால் அச்சான தாளை வைத்துச் சரிபார்ப்பவருக்கு அது தெரிய வழியில்லை. இதைவிட மோசம், எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் போட்டு எழுத்தாக மாற்றுவது. அந்தச் செல்லை SUM சேர்க்காமல் விட்டுவிடும், பக்கத்துச் செல் நிரம்பியிருந்தால் எண்ணும் வெட்டுப்படும். இடமே இல்லாத படிவத்தில் Ctrl+1 அழுத்தி, Alignment பகுதியில் Shrink to fit குறியிடுவது மேல்; எழுத்து சிறுத்தாலும் எண் முழுசாக இருக்கும்.

எவ்வளவு இழுத்து விரித்தாலும் போகாத ஹேஷும் உண்டு. விரிக்க விரிக்கக் குறிகள் செல்லை நிரப்பிக்கொண்டே போனால், அது பெரும்பாலும் தேதி அல்லது நேர வடிவில் உள்ள குறை எண். இரவு 22:00-க்குத் தொடங்கிக் காலை 6:00-க்கு முடியும் ஷிப்ட்டை `=B2-A2` என்று கழித்தால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. எக்செலின் வழக்கமான 1900 தேதிமுறையால் அதை நேரமாகக் காட்ட முடியாது. `=MOD(B2-A2,1)` என்று எழுதினால் 8:00 என்று சரியாக வரும். அகலம் குறைவா, இந்தக் கோளாறா என்று அறிய மவுஸை அந்தச் செல்மேல் நிறுத்தினால் போதும். அகலம் குறைவென்றால் உள்ளே இருக்கும் எண் சிறு பெட்டியில் தெரியும். மற்றதென்றால் தேதி, நேரம் குறை எண்ணாகவோ மிகப் பெரிதாகவோ இருப்பதாக அறிவிப்பு வரும். பூட்டப்பட்டு, அகலத்தை மாற்ற அனுமதி இல்லாத தாளிலும் எண்ணைப் படிக்க இந்த வழி உதவும்.

மேக்ரோ எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். `Range("C32").Text` என்பது திரையில் தெரிவதையே எடுக்கும், அதனால் குறுகிய நெடுவரிசையிலிருந்து ஹேஷ் குறிகளை அப்படியே அள்ளிக்கொண்டு வரும். `Range("C32").Value` என்று எழுதினால் அகலம் எதுவானாலும் எண் கிடைக்கும்.

கடைசியாக அச்சு. திரைக்கும் அச்சுப்பொறிக்கும் எழுத்தின் அகலம் இம்மி பிசகாமல் ஒத்துப்போவதில்லை. இரட்டைக் கிளிக்கில் மட்டுமட்டாக அமைந்த நெடுவரிசை திரையில் எண்ணைக் காட்டும், தாளில் ஹேஷைத் தள்ளும். திரையின் பெரிதாக்கும் அளவை மாற்றும்போதும் சில செல்களில் இதே ஆட்டம் நடக்கும். AutoFit செய்தபின் அகலத்தில் ஒன்று கூட்டி, Ctrl+P முன்காட்சியில் மொத்த வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு அச்சுக்கோ பிடிஎஃப் ஆக்கவோ அனுப்புங்கள்.