உதிர்ந்த தூணுக்குள் தெரிந்த மக்கு வேலை

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி வேலூருக்குள் வருகிறவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். மற்றவர்கள் கோட்டைக்கும், அதனுள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கும், ஸ்ரீபுரத்துக்கும் போகிறார்கள். சித்திரை வெயிலில் நான் வந்தது பழுதடைந்த ஒரு தஞ்சாவூர்ப் படத்தைப் பார்ப்பதற்காக. சத்துவாச்சாரியில் தம் வீட்டின் முன்னறையையே பட்டறையாக வைத்திருக்கும் ஓவியர் ஒருவர், இளவயதில் தஞ்சாவூரில் தொழில் கற்றுப் பிறகு இந்தப் பக்கம் குடிவந்தவர். ஆரணியில் ஒரு குடும்பத்தின் பூஜையறையிலிருந்த பழைய படம் அவரிடம் செப்பனிட வந்திருந்தது. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே வந்து பார்க்குமாறு அவர் சொல்லியிருந்ததற்குக் காரணம் உண்டு. "புதுப் படம் செய்யும்போது வந்தால் மேலே இருப்பதைத்தான் பார்ப்பீர்கள், தம்பி. அடியில் என்ன இருக்கிறது என்பதை உடைந்த படம்தான் காட்டும்" என்றார்.

படம் ஏறத்தாழ இரண்டடி உயரம். மண்டபத்துக்குள் வெண்ணெய்த் தாழியை அணைத்தபடி கொழுகொழுவென்று அமர்ந்திருக்கும் கண்ணன். இருபுறமும் தூண்கள், மேலே வளைவு, சுருக்கிக் கட்டிய திரைகள். சரபோஜி மன்னர் காலத்தில், அதாவது 1798 முதல் 1832 வரையான ஆட்சியில் தஞ்சையில் செழித்த பாணியின் வழக்கமான அமைப்பு இதுதான். ஆனால் இந்தப் படம் அவ்வளவு பழையதன்று. இடப்பக்கத் தூணின் அடிப்பகுதியில் ஒரு விரல் நீளத்துக்குத் தங்கமும் அதன் கீழிருந்த புடைப்பும் சேர்ந்து உதிர்ந்து, மரம் வரை வெட்டுமுகமாகத் தெரிந்தது. அந்த இடத்தில் ஓவியர் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துக் கொடுத்தார்.

எல்லாவற்றுக்கும் கீழே பலாமரப் பலகை. இந்தப் படங்களுக்குப் பலகைப் படம் என்ற பெயர் வந்தது அதனால்தான். இன்று பெரும்பாலும் ஒட்டுப்பலகை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பலகையின் மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிய பருத்தித் துணி. மரம் மழைக்காலத்தில் சற்று உப்பும், கோடையில் சுருங்கும்; அந்த அசைவு மேலே உள்ள சுண்ணாம்பு அடுக்கை நேரடியாக இழுக்காமல் இடையில் நின்று தாங்குவது இந்தத் துணிதான். துணிக்கு மேல் சீமைச் சுண்ணாம்புப் பொடியும் பிசினும் கலந்து பலமுறை பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்த வெண்தளம். அதன்மேல் கோட்டுப்படம் வரைந்த பிறகு, நிறம் தீட்டுவதற்கு வெகு முன்பே, முதலில் கற்களை ஒட்டிவிடுகிறார்கள். மக்கு வேலை, அதாவது சுண்ணாம்புக் குழம்பால் புடைப்பை எழுப்பும் வேலை, அதற்குப் பின்னர்தான். பொற்கொல்லர் கல்லைச் சுற்றி உலோக விளிம்பை மடக்குவதுபோல, ஓவியர் கல்லைச் சுற்றி மக்கை எழுப்பி அதை இறுக்கிப் பிடிக்க வைக்கிறார். ஆகவே கல் நிற்பது பசையால் மட்டுமன்று. சுற்றியுள்ள மக்கு பெயர்ந்தால் சில நாளில் கல்லும் விழும். உதிர்ந்த இடத்தில் மூன்று கற்கள் இல்லை.

மக்கு என்பது சீமைச் சுண்ணாம்புப் பொடியும் சுட்டெடுக்காத சுக்கான் கல்லின் பொடியும் பசையும் சேர்ந்த குழம்பு. பழைய படங்களில் வேலம்பிசின். இப்போது பெரும்பாலான பட்டறைகளில் ஃபெவிகால். பொடிகளை மெல்லிய துணியில் சலித்த பிறகுதான் கலக்க வேண்டும் என்பதில் இவர் கண்டிப்பானவர், ஏனெனில் ஒரு குருணை தங்கினாலும் மேலே ஒட்டும் மெல்லிய தங்கத் தகடான ரேக்கு அதைக் காட்டிக் கொடுத்துவிடும். பதத்தை அளவுக் கரண்டியால் பார்ப்பதில்லை. தூரிகையைத் தோய்த்துத் தூக்கினால் நுனியில் ஒரு துளி திரண்டு தொங்க வேண்டும். தானாக விழக் கூடாது, பலகையில் தொட்டதும் அங்கே ஒட்டிக்கொண்டு தூரிகையை விட்டுப் பிரிய வேண்டும். நீர்த்துவிட்டால் புள்ளி புள்ளியாக வைக்கும் முத்துவரிசை பரந்து தட்டையாகும். இறுகிவிட்டால் ஒவ்வொரு முத்துக்கும் வால் முளைக்கும். முத்துக்குத் தூரிகை நுனியைத் தொட்டு எடுக்கிறார்கள். நகைச் சங்கிலி, திரையின் மடிப்பு போன்ற கோடுகளுக்குத் தூரிகையைத் தேய்க்காமல், குழம்பு தானே வழிந்து வருமாறு இழுக்கிறார்கள். இப்போது பலர் மருதாணிக் கூம்பில் மக்கை நிரப்பிப் பிழிகிறார்கள். கோடு ஒரே பருமனில் வருகிறது, வேலையும் விரைவாக முடிகிறது. ஆனால் தூரிகைக் கோட்டில் தொடக்கம் பருத்து முடிவு மெலியும் அந்த உயிர்ப்பு கூம்புக் கோட்டில் இல்லை என்பது, பழைய படத்தை அருகில் வைத்துப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது.

உயரம் ஒரே பூச்சில் வருவதில்லை என்பதுதான் இந்த வேலையின் உட்கரு. வெட்டுமுகத்தில் மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு எழும்பிய தூணில் மெல்லிய அடுக்குகளின் கோடுகள் தனித்தனியே தெரிந்தன. தடிமனாக ஒரே முறை வைத்தால் மேற்புறம் முதலில் காய்ந்து தோலாகிவிடும். உள்ளே இருக்கும் ஈரம் பிறகு வெளியேறும்போது உள்பகுதி சுருங்க, இடம்கொடுக்க முடியாத தோல் வெடிக்கும். வேலூர்க் கோடையில் இது இன்னும் விரைவாக நடக்கும். அதனால் இந்த மாதங்களில் அவர் மக்கு வேலையை விடிகாலையில் முடித்துக்கொண்டு, பலகையை மின்விசிறி இல்லாத உள்ளறையில் கிடத்தி வைக்கிறார். வெயிலில் காய வைப்பது கேட்பதற்கு எளிதான வழி, அதனால்தான் அவரிடம் பயில வந்த பையன்களில் அந்தத் தவறைச் செய்யாதவர் எவரும் இல்லையாம்.

பசையின் அளவு இன்னும் நுட்பமான விஷயம். கூடினால் மக்கு உறுதியாகும் என்று நாம் நினைப்போம்; உண்மையில் பசைதான் காயும்போது சுருங்குகிறது, பொடி சுருங்குவதில்லை. பசை மிகுந்த அடுக்கு காயும்போது கீழேயுள்ளதை இழுக்கும். கீழடுக்கு அதைவிட வலுக்குறைந்ததாக இருந்தால், மேலடுக்கு அதையும் பெயர்த்துக்கொண்டு எழும்பும். எனவே அடியில் பசை சற்றுக் கூடுதல், மேலே போகப் போகச் சற்றுக் குறைவு. மிகவும் குறைந்தாலும் கேடுதான். காய்ந்த மக்கை விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டக் கூடாது, ஒட்டினால் ரேக்கு அந்தப் பொடியைத்தான் பிடித்துக்கொள்ளுமே தவிர மக்கைப் பிடிக்காது.

இவ்வளவும் தெரிந்த பிறகு, விரிசலைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம் என்று விளக்கினார். மரத்தின் நார் ஓடும் திசையில் நீளமாக ஒரே விரிசல் ஓடினால் பலகை அசைந்திருக்கிறது, அல்லது பலகையின் இணைப்பு விட்டிருக்கிறது. வலைபோலச் சிறு விரிசல்கள் புடைப்பின் மீது மட்டும் பரவியிருந்தால் மக்கைத் தடிமனாகவோ பசை மிகுதியாகவோ வைத்திருக்கிறார்கள். விரிசலே இல்லாமல் ஓர் இடம் உப்பியிருந்தால், துணி பலகையை விட்டுவிட்டது. ஆரணிப் படத்தின் வளைவில் இரண்டாவது வகை லேசாக இருந்தது. பல ஆண்டுகளாக அது அப்படியே நின்றிருக்கும், அதனால் ஆபத்தில்லை. தூணில் மூன்றாவது வகை. அவர் நகத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடங்களில் ஒலி கெட்டியாக இருந்தது. உதிர்ந்த இடத்துக்கு மேலே நான்கு விரல் அகலம் வரை வெற்றொலி கேட்டது. பார்வைக்கு அங்கே எந்தக் குறையும் இல்லை.

காரணம் படத்தின் அடிவிளிம்பில் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் ஈரத்துணியால் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். வேலம்பிசினும் புளியங்கொட்டைப் பசையும் நீரில் இளகக்கூடியவை. துடைக்கும்போது வழிந்த நீர் சட்டத்துக்குள் தேங்கி, துணியின் ஓரத்திலிருந்து மேலே ஏறி, வாரத்துக்குச் சிறிதாகப் பசையைக் கரைத்திருக்கிறது. பக்தியே படத்தைக் கரைத்தது என்று எழுதத் தோன்றுகிறது. ஆனால் கண்ணாடி போடாத பூஜையறைப் படங்கள் பலவற்றுக்கும் அடிப்பகுதியில்தான் நோய் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

தங்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 22 காரட் ரேக்கை அளவாக வெட்டி, பிசின் தடவிய மக்கின் மேல் படியவைத்து, பஞ்சால் மென்மையாக அழுத்தி, பள்ளங்களில் மழுங்கிய குச்சியால் ஒற்றினால் கீழேயுள்ள ஒவ்வொரு முத்தும் தங்கத்தில் எழும்பும். ஸ்ரீபுரத்தில் செப்புத் தகட்டில் புடைப்பை உருவாக்கி அதன்மேல் தங்கம் போர்த்தியிருக்கிறார்கள். இங்கே செம்பின் வேலையைச் சுண்ணாம்பு செய்கிறது. மைசூர்ப் படங்களில் புடைப்பு மிகத் தாழ்வாக, ரேக்கும் மெல்லியதாக இருப்பதால் அவற்றின் மினுக்கம் வேறு மாதிரி. மலிவான செப்புக் கலவை ரேக்கு ஒட்டிய படங்கள் கடைகளில் ஏராளம். சில ஆண்டுகளில் அவை கறுக்கும். ஆரணிப் படத்தில் அழுக்கு படிந்திருந்ததே தவிர தங்கம் கறுக்கவில்லை.

செப்பனிடும் வேலையில், வெற்றொலி கேட்ட பகுதியின் ஓரத்தில் ஊசியால் நீர்த்த பசையைச் செலுத்தி, வெண்ணெய்த்தாள் வைத்து, மணல் பையால் பாரமேற்றி இரவு முழுவதும் விட்டார். மறுநாள் தட்டியபோது ஒலி மாறியிருந்தது. ஒரு மூலையில் மட்டும் மீண்டும் செலுத்த வேண்டியிருந்தது. குழியில் வெண்தளத்தை நிரப்பி, புதுக் கற்களை ஒட்டி, பழைய மக்கைவிடப் பசை சற்றுக் குறைந்த மக்கை அடுக்கடுக்காக எழுப்பினார். நாளை எப்போதாவது மீண்டும் அசைவு வந்தால் புதிய ஒட்டுதான் விட வேண்டும், பழையதைப் பெயர்த்துவிடக் கூடாது என்பது அவர் கணக்கு.

படத்தை எடுத்துப் போக வந்த பாட்டியம்மாவுக்குப் புது ரேக்கின் பளபளப்பு பிடித்துப்போயிற்று. முழுப் படத்துக்கும் அப்படியே போட்டுத் தரக் கேட்டார். "பழைய தங்கத்தை உரித்தால் அதோடு மக்கும் வரும், அம்மா. பிறகு இது உங்கள் மாமியார் வைத்துக் கும்பிட்ட படமாக இருக்காது" என்று ஓவியர் மறுத்துவிட்டார். பிற்பகல் வெயில் படும் மேற்குச் சுவரில் மாட்ட வேண்டாம், விளக்கை ஒரு முழம் தள்ளி வையுங்கள், குங்குமத்தைச் சட்டத்தின் மேல் வையுங்கள், தூசியை உலர்ந்த மென்தூரிகையால் மட்டும் தட்டுங்கள் என்று சொல்லி, தாம் பயன்படுத்திய அகலத் தூரிகை ஒன்றையே துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தார். ஈரத்துணியை விட மனமில்லாத பாட்டியம்மா, அப்படியானால் கண்ணாடி போட்டுக் கொடுங்கள் என்றார். கண்ணாடி முத்துகளின் மீது உட்காராதபடி ஆழமான சட்டம் செய்ய வேண்டும் என்பதால், படம் இன்னும் ஒரு வாரம் சத்துவாச்சாரியிலேயே இருக்கும்.