திங்களும் செவ்வாயும்: ஒரு வகுப்பாசிரியையின் நாட்குறிப்பு

ஜூலை 16, புதன்

இன்று மதிய இடைவேளையில் வருகைப் பதிவேட்டைக் குறுக்காகப் பார்க்காமல் நெடுக்காகப் பார்த்தேன். காலையில் செயலியில் வருகை ஏற்றும்போது அன்றைக்கு யார் வரவில்லை என்பது மட்டும்தான் கண்ணில் படும். ஒரே பெயரின் மேல் விரலை வைத்து ஜூன் முதல் நகர்த்தினால்தான் விஷயம் தெரிகிறது. எட்டாம் வகுப்பு, ஜன்னல் ஓரத்துக் கடைசி பெஞ்சுக்காரன். பெயர் இங்கே வேண்டாம். ஜூன் 2, 3. ஜூன் 16, 17. ஜூன் 30, ஜூலை 1. ஜூலை 14, 15. எல்லாமே திங்கள், செவ்வாய். அதுவும் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்.

பள்ளி திறந்த நாளில் வராததை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஊருக்குப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நேற்று வரை 32 வேலை நாட்களில் 8 நாள் இல்லை. சரியாக நான்கில் ஒரு பங்கு.

தொடர்ந்து முப்பது நாள் வராத பிள்ளையைப் பள்ளி செல்லாப் பிள்ளை என்று பட்டியல் எடுத்துத் தேடிப் போகிறோம். இவன் மாதிரி இரண்டு நாள் போய் எட்டு நாள் வருகிறவன் அந்தப் பட்டியலில் சிக்கவே மாட்டான்.

ஜூலை 17, வியாழன்

அவனுடைய கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஜூன் 13 தேதி போட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கம் ஜூன் 18. எண்கோட்டில் விகிதமுறு எண்ணைக் குறிப்பது நடுவில் அந்த இரண்டு நாளில் முடிந்துவிட்டது. 18-ஆம் தேதிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து அழகாகக் கோடு போட்டிருக்கிறான். 0, 1, 2 இருக்கிறது. நடுவில் ஒரு புள்ளியும் இல்லை. அதற்குக் கீழே பக்கத்துப் பையனுடைய விடைகள், அவனுடைய பிழைகளோடு சேர்த்து.

ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு "வயிற்று வலி மிஸ்" என்றான். திங்கட்கிழமை மட்டும் வரும் வயிற்று வலி.

சாயங்காலம் பெற்றோருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். "தங்கள் மகன் அடிக்கடி பள்ளிக்கு வருவதில்லை. இது தொடர்ந்தால் நடவடிக்கை எடுக்கப்படும்." பக்கத்து நாற்காலி சார் எட்டிப் பார்த்துவிட்டு, "பெயரை நீக்கிடுவோம்னு ஒரு வரி போடுங்க, அப்பதான் பயப்படுவாங்க" என்றார். எட்டாம் வகுப்பு முடியும் வரை ஒரு பிள்ளையை வெளியேற்றக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. செய்ய முடியாததை எழுதி மிரட்டினால் அடுத்த கடிதத்தை யார் நம்புவார்கள்? "அடிக்கடி" என்ற சொல்லும் உறுத்தியது. எத்தனை நாள் என்று தெரிந்தபிறகு அடிக்கடி என்று ஏன் எழுத வேண்டும்? கிழித்துப் போட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

பள்ளி விட்டதும் வீட்டுக்கே போனேன். காரிமங்கலத்தில் இருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். ஆயா மட்டும் இருந்தார். அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை, அங்கேயே ஷெட்டில் தங்கல். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு ராத்திரி வந்து சேருவார்கள். திங்கள் விடியற்காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள். பையன் பஸ் ஏற்றிவிடப் போவான். திரும்பி வந்தால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிடுவானாம். "அன்னிக்கு எழுப்ப மனசு வரல டீச்சரம்மா." அடுத்த நாள் செவ்வாய், காரிமங்கலம் சந்தை. மகன் கொடுத்துவிட்டுப் போன காசில் இரண்டு வாரத்துக்கான சாமான் வாங்க ஆயா போக வேண்டும். பை தூக்க இவன்.

போன வாரம் அவன் லீவு பற்றி ஒரு சீட்டு கொடுத்து அனுப்பினேனே, கைநாட்டு வைத்துத் திருப்பி அனுப்பினீர்களே என்றேன். ஆயா முகம் மலர்ந்துவிட்டது. "நல்லாப் படிக்கிறான்னு எழுதியிருந்தீங்களாமே! அவன்தான் படிச்சுக் காட்டினான்."

கதவுக்குப் பின்னால் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுக்கு, யாரைப் பற்றிய கடிதமோ அவன் கையிலேயே கொடுத்து அனுப்பியது என் தப்பு.

ஜூலை 20, ஞாயிறு

மறுபடி எழுதினேன். வாய்விட்டுப் படித்தால் மூச்சு வாங்காத அளவுக்குச் சின்ன வாக்கியமாக வைத்தேன்.

"வணக்கம். நான் உங்கள் மகனின் வகுப்பாசிரியை. ஜூன் 2 முதல் ஜூலை 15 வரை பள்ளி நடந்தது 32 நாள். அவன் வராதது 8 நாள். அந்தத் தேதிகளைக் கீழே எழுதியிருக்கிறேன். எட்டும் நீங்கள் ஊருக்கு வந்து போன திங்களும் அதற்கு அடுத்த செவ்வாயும்.

அவன் வந்த நாட்களில் ஒழுங்காக உட்கார்ந்து படிக்கிறான். ஆனால் வராத நாளில் நடந்த கணக்கு அவனுக்குத் தெரியவில்லை. அதற்கு அடுத்த கணக்கும் அதனால் புரியவில்லை. இப்போது பார்த்து எழுதுகிறான்.

நீங்கள் வருவதும் அவன் உங்களோடு இருப்பதும் வேண்டும். திங்கட்கிழமை பஸ்ஸுக்கு வரும்போதே சீருடை போட்டு, பையோடு வரட்டும். பஸ் ஏற்றிவிட்டு நேராகப் பள்ளிக்கு வரலாம். முன்னதாக வந்தாலும் நான் 8.30-க்கு அங்கே இருப்பேன். செவ்வாய் சந்தைக்கு அவன் போகாமல் முடியாது என்றால், மதியத்துக்காவது அனுப்புங்கள். பிற்பகல் வருகை தனியாகப் பதிவாகும். முழு நாள் விடுப்பு இனி வேண்டாம். உடம்பு சரியில்லை என்றால் அன்றே எனக்கு போன் செய்யுங்கள்.

ஜூலை 28, 29 இரண்டு நாளும் பார்த்துவிட்டு உங்களிடம் பேசுகிறேன்."

"பார்த்து எழுதுகிறான்" என்பதை எடுத்துவிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். விட்டுவிட்டேன். அது இல்லாவிட்டால் எட்டு நாள் என்பது வெறும் எண்ணாகத்தான் நிற்கும்.

ஜூலை 21, திங்கள்

பகலில் மூன்று முறை அழைத்தும் அப்பா எடுக்கவில்லை. சாரத்தின் மேல் நிற்கிறவர் எப்படி எடுப்பார்? ராத்திரி எட்டரைக்கு எடுத்தார். கடிதத்தை அப்படியே படித்தேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார் போல, அம்மாவின் குரலும் கேட்டது. தேதிகளைப் படித்தபோது, "ஆமா, அன்னிக்கு வந்தோம்... ஆமா, அன்னிக்கும்தான்" என்று அவரே சொல்லிக்கொண்டு வந்தார். நான்காவது தேதிக்குப் பேச்சில்லை.

"அவன் லீவு போடறதே எங்களுக்குத் தெரியாதுங்க மிஸ். பஸ் ஏறினதும் ஸ்கூலுக்குப் போயிடுவான்னுதான் நெனச்சோம்."

ஆயாவுக்கு நாளை நானே போய் இன்னொரு முறை படித்துக் காட்ட வேண்டும். தாளை அவன் கையில் கொடுக்கப் போவதில்லை.

ஜூலை 28, திங்கள்

8.40-க்கு வந்தான். சட்டை கசங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. வராந்தாவில் உட்கார வைத்து எண்கோட்டில் 0-க்கும் 1-க்கும் நடுவே நான்காகப் பிரிக்கச் சொன்னேன். முக்காலைச் சரியாக வைத்தான். மைனஸ் முக்கால் எங்கே என்றதும் ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மணி அடித்துவிட்டது.

ஜூலை 29, செவ்வாய்

முற்பகல் வரவில்லை. பதிவேட்டில் அப்படியே குறித்தேன். 1.35-க்கு வாசலில் வந்து நின்றான். பையில் இருந்து கொத்தமல்லி வாசனை. உள்ளே வா என்றேன்.

ராத்திரி அப்பாவுக்கு போன் செய்து, திங்கள் முழு நாள், செவ்வாய் அரை நாள் என்று சொன்னேன். சந்தைக்கு ஆயாவோடு பக்கத்து வீட்டு அக்காவை அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அடுத்த முறை ஆகஸ்ட் 11, 12. காலண்டரில் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.