விழிமீனா, மீன்விழியா: பாட்டு வரியைப் பிரித்துப் படிக்கும் முறை

திருகோணமலையில் வேலைக்கு வந்த சிங்கள நண்பர் ஒருவருக்கு மாலை நேரங்களில் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பேச்சு ஓரளவு பிடிபட்ட பிறகு அவருக்குச் சினிமாப் பாட்டில்தான் ஆசை. அகராதியில் ஒவ்வொரு சொல்லும் இருந்தும் வரி விளங்கவில்லை என்பதுதான் அவருடைய சிக்கல். அதற்கு உதவியது, சேர்ந்து வரும் இரண்டு சொற்களில் எது பின்னால் நிற்கிறது என்று பார்ப்பது.

மீன்விழி என்றால் மீன் போன்ற விழி. இது உவமைத்தொகை. விழி விழியாகவே இருக்கிறது, அது பார்க்கும், மூடும், கலங்கும். விழிமீன் என்று திருப்பினால் விழியாகிய மீன். இது உருவகம். இனி அது துள்ளலாம், நீந்தலாம், வலையில் சிக்கலாம். அதனால் பெயரோடு நிற்காமல் வினையைத் தேடுங்கள். பாட்டின் கற்பனை பெரும்பாலும் வினையில்தான் ஒளிந்திருக்கும்.

பயிற்சிக்காகச் சினிமாப் பாட்டுப் பாணியில் நானே ஒரு வரி எழுதிக்கொடுத்தேன்:

"விழிமீன் துள்ளையிலே வலை கிழிஞ்சு போனதடி"

முதலில் பேச்சு வடிவத்தை எழுத்துத் தமிழுக்கு மாற்றச் சொன்னேன். துள்ளையிலே என்பது துள்ளுகையில், அதாவது துள்ளும்போது. கிழிஞ்சு என்பது கிழிந்து. போனதடி என்பதில் உள்ள 'அடி' ஒரு பெண்ணை விளிப்பது. இதைச் செய்யாமல் உருவகத்துக்குப் போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

விழி மீனாகிவிட்டது, சரி. வலை எது? அதைப் பாட்டு சொல்லவே இல்லை. ஒன்றை உருவகமாக்கி, அதோடு சேர்ந்த மற்றதை வாசகரிடம் விட்டுவிடுவதை ஏகதேச உருவகம் என்பார்கள். இக்காலப் பாடல்களில் மாணவர் தடுக்கி விழுவது அதிகமும் இங்கேதான். உப்புவெளிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருந்த நண்பர், "வலை அவனுடைய மனசா அண்ணா?" என்று கேட்டார். வலையின் வேலை பிடிப்பது. ஆகவே, அவளை வசப்படுத்தப் பார்த்த அவனுடைய முயற்சி என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அடுத்த வரியில் காயம், வலி என்று ஏதாவது வந்திருந்தால் மனசு என்றே கொள்ளலாம். பக்கத்து வரியைப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

இந்த முறை எல்லா இடத்திலும் செல்லாது. மலர்முகம் வாடியது என்றால், வாடுதல் பூவுக்கும் பொருந்தும், முகத்துக்கும் பொருந்தும். மெட்டுக்குச் சொல்லை அடுக்கும்போது இப்படிக் கலந்து வருவது சாதாரணம், அங்கே வகை பிரித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அப்புறம், கண்மணி என்று வந்தால் கண்ணாகிய மணி என்று விரிக்காதீர்கள். அது கண்ணின் கருமணி. அதிலிருந்துதான் அருமையானவரை அப்படி அழைக்கும் வழக்கம் வந்தது. 'ஆகிய' என்பதை நடுவில் வைத்துப் பார்த்துப் பொருள் ஒட்டாவிட்டால், அது உருவகமாக இருக்காது.