பிப்ரவரியில் மட்டும் ஏன் இவ்வளவு ரொக்கம்?

சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் போட்டால் வங்கியே வருமான வரித் துறைக்குச் சொல்லிவிடும். மன்னார்குடிப் பக்கம் நாங்கள் நடத்தும் கிளினிக்குக்கு விவரம் கேட்டு 142(1) நோட்டீஸ் வந்தது அப்படித்தான். 2022-23இல் போட்ட ரொக்கம் 11,40,000 ரூபாய். உத்தேச வருமானத் திட்டமான 44ADA-வில் ரிட்டர்ன் போட்டால் கணக்குப் புத்தகம் வேண்டாம் என்பது சரிதான். ஆனால் மொத்த வரவை எப்படிக் கூட்டினீர்கள் என்று கேட்டால் ஆதாரம் காட்டியாக வேண்டும்.

டோக்கன் நோட்டை மட்டும் ஸ்கேன் செய்து அனுப்பினால் சிக்கல்தான், ஏனென்றால் அதில் இருப்பது ஆள் கணக்கு, பணக் கணக்கு அல்ல. பிப்ரவரியை எடுத்துக்கொள்வோம். டோக்கன் 420. வராதவர் 30, கட்டணமில்லாமல் மறுபடி காட்ட வந்தவர் 70. மிச்சம் 320 பேர், தலைக்கு 300 வீதம் 96,000. அதில் ஜிபே, போன்பே வழியாக 24,000 போக, ரொக்கம் 72,000. வங்கியில் போட்டதோ 1,17,000.

மிச்சம் எங்கிருந்து வந்தது? சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுக் காசு வந்ததும் பழைய பாக்கியைத் தீர்ப்பது இங்கே வழக்கம். "அறுப்பு முடியட்டும் டாக்டர்" என்று கார்த்திகையில் போனவர்கள் மாசியில் கொடுத்தது 54,000. ஆக 72,000 + 54,000 = 1,26,000. ஆயா சம்பளம், சில்லறைச் செலவு 9,000 கழித்தால் 1,17,000 சரியாக நிற்கும்.

இதைக் காட்டுவதற்கென்றே அமைந்தது போன்றது படிவம் 3C, டாக்டர்களுக்கான தினசரிப் பதிவேடு. அதில் தேதி, வரிசை எண், நோயாளி பெயர், சேவையின் தன்மை, வாங்கிய கட்டணம் ஆகியவற்றோடு பணம் வாங்கிய தேதிக்கும் தனிப் பத்தி உண்டு. பலர் அந்தக் கடைசிப் பத்தியைக் காலியாக விடுகிறார்கள். விட்டால் பாக்கி வசூல் விளக்கமில்லாத பணமாகிவிடும். 69A பிரிவில் சேர்த்தால் அந்த ஆண்டுக்குச் சர்சார்ஜ், செஸ்ஸோடு 78 சதவீதம்: 54,000-க்கு 42,120 ரூபாய் வரி.

காலியாக இருந்தால் இப்போது உட்கார்ந்து நிரப்பாதீர்கள். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, விடுமுறை ஞாயிற்றுக்கிழமையிலும் பதிவு என்றால் பார்த்ததுமே தெரிந்துவிடும். அன்றைக்குக் கொடுத்த ரசீதின் கார்பன் பிரதியைத் தேடி எடுத்து, அதன் எண்ணைத் தனித்தாளில் டோக்கன் எண்ணோடு பொருத்துங்கள். சேவைப் பத்தியில் "பொது ஆலோசனை", "ஊசி" என்பது போதும், நோயின் பெயர் தேவையில்லை.

அனுப்பும்போது முதல் தாள் மாதவாரிச் சுருக்கம்: தொடக்கக் கையிருப்பு, ரொக்க வரவு, செலவு, வங்கியில் போட்டது, இறுதிக் கையிருப்பு. பின்னால் 3C, ரசீதுகள், வங்கி அறிக்கை. எந்த மாதத்திலாவது கையிருப்பு மைனஸில் போனால் எங்கோ ஒரு வரவு விட்டுப்போயிருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் ஏற்றக் கூடாது. ஏற்ற வேண்டிய இடம் வருமான வரித் தளத்தில் Pending Actions, அதற்குள் e-Proceedings. நாள் போதாவிட்டால் கெடு முடியும் முன்பே அங்கேயே அவகாசம் கேட்டுவிடுங்கள்.