விடைக்குறிப்பே தப்பா இருந்த அயனிச் சமநிலை டெஸ்ட்

தண்டையார்பேட்டைப் பக்கம் மாலை டியூஷன். பன்னிரண்டாம் வகுப்புக்கு அயனிச் சமநிலையில் 15 ஒரு மதிப்பெண் கேள்விகள், பின்பக்கம் விளக்கத்தோடு விடைகள். கேள்வி எழுத ஒரு சாயங்காலம் போதுமாயிருந்தது. அதைச் சரியாக்கத்தான் மூணு நாளும் ரெண்டு முறை ஜெராக்ஸ் கடையும் ஆச்சு.

முதல் அடி கடையிலேயே விழுந்தது. நம்ம கோப்பை அவங்க கம்ப்யூட்டரில் திறந்ததும் மேலே இருந்த அடுக்கெண் எல்லாம் கீழே இறங்கி, 10⁻⁸ M என்பது 10-8 M ஆகிவிட்டது. நாற்பது காப்பி ஓடின பிறகுதான் பார்த்தோம். ஒரு பையன் கழித்துப் பார்த்து, 2 M அமிலம் என்றே கணக்குப் போட்டிருந்தான். அவன் மேல் தப்பே இல்லை. அடுக்கெண், அயனியின் மின்சுமை இருக்கிற தாளை பிடிஎஃப் ஆக்கித்தான் கொண்டுபோகணும். ஒரே ஒரு காப்பி எடுத்து, 7-க்குப் பக்கத்தில் கழித்தல் குறி மேலே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை ஓட்டச் சொல்லணும்.

ரெண்டாவது அடி நம்ம விடைக்குறிப்பில். கேள்வி பழக்கமானதுதான்: 10⁻⁸ M HCl கரைசலின் pH என்ன? (அ) 8 (ஆ) 7 (இ) 6.98 (ஈ) 6.96. எட்டு என்று போட்டவர்கள்தான் அதிகம். அமிலத்தை எவ்வளவு நீர்த்தாலும் அது காரமாகாது. அதனால் அந்த விடை உடனே அடிபடும். நாம் குறித்திருந்தது ‘ஈ’. நீர் தருகிற 10⁻⁷-உடன் அமிலம் தருகிற 10⁻⁸-ஐக் கூட்டினால் 1.1 × 10⁻⁷, அதற்கு pH 6.96. பார்க்க ஒழுங்காத்தான் இருந்தது.

முன்பெஞ்சுப் பொண்ணு ஒருத்தி கேட்டாள்: “சார், அமிலம் H⁺ குடுத்தா தண்ணி அயனியாறது குறையணும்ல? அப்புறம் எப்படி முழுசா 10⁻⁷ வரும்?”

அதேதான். பொது அயனி விளைவு நீருக்கும் உண்டு. நீர் தரும் H⁺-ஐ x என்று வைத்தால், OH⁻-உம் x. மொத்த H⁺ அளவு x + 10⁻⁸. ஆக x(x + 10⁻⁸) = 10⁻¹⁴. இந்த இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் x = (−1 + √401)/2 × 10⁻⁸. கால்குலேட்டர் வேண்டாம், √400 என்பது 20, அதனால் √401 ஏறக்குறைய 20.02. x = 9.51 × 10⁻⁸, மொத்த H⁺ 1.051 × 10⁻⁷, pH 6.98. விடை ‘இ’.

விடை சரியா என்று சோதிக்க ஒரு வழி: H⁺-ஐயும் OH⁻-ஐயும் பெருக்கிப் பாருங்கள். ‘ஈ’-க்கு 1.1 × 10⁻⁷-ஐ 10⁻⁷-ஆல் பெருக்கினால் 1.1 × 10⁻¹⁴ வருகிறது. நீரின் அயனிப் பெருக்கத்தைத் தாண்டுகிறது. ‘இ’ சரியாக 10⁻¹⁴-இல் உட்காரும். அமிலம் 10⁻⁶ M அல்லது அதற்கு மேல் என்றால் இந்தப் பாடே வேண்டாம். அங்கே நீரின் பங்கு நூற்றில் ஒன்றுதான்.

கரைதிறன் பெருக்கக் கேள்வியில் விடை சரி, நாம் எழுதின விளக்கம் தப்பு. AgCl-க்கு 1.8 × 10⁻¹⁰, Ag₂CrO₄-க்கு 1.1 × 10⁻¹². எது அதிகம் கரையும்? “பெருக்கம் குறைந்தால் கரைதிறன் குறையும்” என்று பொதுவாக எழுதியிருந்தோம். ஒரே மாதிரி அயனிகளாகப் பிரியும் உப்புகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். கரைதிறனை s என்று வைத்தால், AgCl-க்குப் பெருக்கம் s² என்பதால் s = 1.34 × 10⁻⁵ M. Ag₂CrO₄-க்கு (2s)² × s, அதாவது 4s³. நாலால் வகுத்ததை 275 × 10⁻¹⁵ என்று மாற்றி எழுதினால் கனமூலம் சுலபம்: 6.5 × 10⁻⁵ M. பெருக்கம் சின்னதாக இருந்தும் குரோமேட்டுதான் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு அதிகம் கரைகிறது. 2s-இல் இருக்கிற 2-ஐ வர்க்கப்படுத்த மறந்து 2s³ போட்டவர்கள் நிறைய.

தாங்கல் கரைசல், நீராற்பகுப்புக் கேள்விகளில் பிரச்சினை எதுவும் இல்லை.

புது அச்சு வந்த பிறகும் ஒன்று விட்டுப்போயிருந்தது. மே மாசம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வியர்த்துக்கொண்டே ஒருத்தன் கேட்டான்: “இந்த ரூம்ல தண்ணியோட pH 7 தானா சார்?” இல்லை. 37 °C-இல் நடுநிலை நீரின் pH சுமார் 6.8, H⁺-உம் OH⁻-உம் சமமாகவே கூடுவதால் நீர் நடுநிலையாகத்தான் இருக்கும். 10⁻¹⁴ என்கிற எண் 25 °C-க்கு உரியது, நம்ம தாளில் அந்த வெப்பநிலை எங்கேயும் இல்லை. நாற்பது தாளிலும் தலைப்புக்குக் கீழே “வெப்பநிலை 25 °C” என்று பேனாவால் எழுதிக் கொடுத்தோம்.